பெஞ்சில் படுக்கும் முன்

"மாஸ்டர், பெஞ்ச் போட்டா கைதான் முதல்ல விட்டுப் போகுது. நெஞ்சுல ஒண்ணுமே தெரியல."

ஜிம்மில் ஆறேழு மாதம் கழித்த இளைஞர்கள் பலரும் ஒருநாள் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். எனக்கு அன்று கிடைத்த பதில், இன்று அவர்களுக்கும் கிடைக்கிறது: "பெஞ்சுக்கு முன்னாடி ஒரு செட் ஃப்ளை போட்டு நெஞ்சைக் களைக்க வை தம்பி. அப்புறம் நேரா பெஞ்சுக்கு வா. நெஞ்சு தன்னால வேலை செய்யும்."

இதற்கு ப்ரீ-எக்சாஸ்ட் என்று பெயர். முன்கூட்டியே களைக்க வைப்பது. பல ஆண்டுகள் அதை நம்பிச் செய்தேன், பிறருக்கும் சொல்லிக்கொடுத்தேன். பிறகு நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்தபோதுதான், சொன்னது ஒன்று, நடப்பது வேறொன்று என்று தெரிந்தது. ஒரு தசையை முதலில் உழைக்க வைத்தால் அடுத்த பயிற்சியில் உண்மையில் என்ன மாறுகிறது என்பதை ஒரே ஒரு பயிற்சியை வைத்துப் பார்க்கலாம். மார்புக்காக எல்லோரும் செய்யும் பெஞ்ச் பிரஸ்ஸையே எடுத்துக்கொள்வோம்.

பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளும்போது மூன்று தசைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. பெரியது மார்புத் தசை. அதற்குத் துணையாகத் தோளின் முன்பகுதி. முழங்கையை நீட்டுவது மேற்கையின் பின்புறம் இருக்கும் ட்ரைசெப்ஸ். இதை ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளாக நினைத்துப் பாருங்கள். ஒன்று வலுத்த காளை, மற்றது இளைத்தது. பத்துச் சால் உழுததும் இளைத்த மாடு நின்றுவிடுகிறது. ஏரும் நின்றுவிடுகிறது. வலுத்த மாட்டில் இன்னும் தெம்பு மிச்சம். பெஞ்ச் பிரஸ்ஸில் இளைத்த மாடு ட்ரைசெப்ஸ். மார்புக்குப் போதிய வேலை கிடைக்கும் முன்பே செட் முடிந்துபோகிறது என்பதுதான் அந்த இளைஞனின் புகார்.

இதற்கு ஒரு வழி சொன்னவர் ராபர்ட் கென்னடி. உடற்கட்டு இதழ்களில் எழுதிவந்தவர். 1968-ல் 'அயர்ன் மேன்' இதழில் இந்த முறையை எழுதினார். வலுத்த மாட்டை முதலில் தனியாகக் கொஞ்ச நேரம் உழவிடு, பிறகு இரண்டையும் சேர்த்துப் பூட்டு என்பதுதான் அதன் சாரம். ஃப்ளையில் முழங்கை ஏறக்குறைய ஒரே மடிப்பில் இருக்கும். அதனால் ட்ரைசெப்ஸுக்கு வேலை மிகக் குறைவு, மார்புக்குத்தான் எல்லாம். மார்பை அப்படிக் களைக்க வைத்துவிட்டு உடனே பெஞ்சுக்கு வந்தால், புத்துணர்ச்சியோடு இருக்கும் ட்ரைசெப்ஸின் உதவியால் மார்பை அதன் எல்லைவரை கொண்டுபோகலாம் என்பது கணக்கு. 1970-களின் தொடக்கத்தில் நாட்டிலஸ் இயந்திரங்களைக் கொண்டுவந்த ஆர்தர் ஜோன்ஸ் இந்தக் கணக்கை அப்படியே இரும்பில் வடித்தார். ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி முதலில் கைகளை அணைப்பதுபோல் மூடும் பயிற்சி, எழுந்திருக்காமலே அடுத்துத் தள்ளும் பயிற்சி. இரண்டுக்கும் நடுவே சில நொடிகூட வீணாகக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்குக் காரணம் உண்டு. களைத்த தசை மிக வேகமாகத் தேறும். ஓரிரு நிமிடம் விட்டால் பெரும்பகுதி பலம் திரும்பிவிடும்.

காகிதத்தில் இந்தக் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் உடம்பு அந்தக் கணக்கின்படி நடக்கவில்லை.

பிரேசிலில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற 13 ஆண்களின் தசைகள்மேல் மின்முனைகளை ஒட்டி அளந்தார்கள். தசை சுருங்கும்போது அதில் ஓடும் மின்சைகையைப் பதிவு செய்யும் முறை அது. ஒரு நாள் பெக் டெக் முதலில், பெஞ்ச் அடுத்து. இன்னொரு நாள் பெஞ்ச் முதலில். மார்பைக் களைக்க வைத்துவிட்டுப் பெஞ்ச் செய்தபோது மார்பின் சைகை கூடவில்லை. முன்தோளிலும் மாற்றமில்லை. கூடியது ட்ரைசெப்ஸில். பெஞ்சில் எடுக்க முடிந்த ரெப்களும் குறைந்தன. அதே நாட்டில் 2009-ல் ஃப்ளையை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வும் இதையே காட்டியது.

நம் மாடுகளிடம் திரும்பிப் போனால் இதில் வியப்பில்லை. வலுத்த மாடு தனியாக உழுது களைத்து வந்திருக்கிறது. இப்போது இரண்டையும் பூட்டினால் அதே சுமையை யார் கூடுதலாக இழுக்க வேண்டும்? இளைத்த மாடுதான். நரம்பு மண்டலத்துக்கு மார்பை வளர்க்க வேண்டும் என்ற நோக்கமெல்லாம் கிடையாது. மார்பின்மேல் கிடக்கும் ராடை மேலே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். மார்பு தளர்ந்தால் எங்கே பலம் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நெஞ்சுக்கு வேலை தரவேண்டும் என்று செய்த ஏற்பாடு, கடைசியில் கைக்குக் கூடுதல் வேலை தருகிறது.

காலிலும் கிட்டத்தட்ட இதே கதை. சுவீடனில் 2003-ல் 17 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், லெக் எக்ஸ்டென்ஷனில் முன்தொடையைக் களைக்க வைத்த உடனே லெக் பிரஸ் செய்யச் சொன்னார்கள். லெக் பிரஸ்ஸில் முன்தொடையின் மின்சைகை குறைந்தது, ரெப்களும் குறைந்தன. எந்தத் தசைக்காகச் செய்தார்களோ அதே தசை அடுத்த பயிற்சியில் முன்பைவிடக் குறைவாக ஈடுபட்டது.

மின்சைகை என்பது தசை வளர்ச்சியின் நேரடி அளவு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். களைத்த தசையின் சைகை கூடினாலும் அது தரும் விசை குறைவாக இருக்கலாம். அதனால் ஒரு நாள் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. பல வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்ப்பதுதான் முறை. 2014-ல் பயிற்சி பெற்ற 39 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 12 வாரம் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழு இடைவெளியே இல்லாத ப்ரீ-எக்சாஸ்ட். இன்னொரு குழு அதே வரிசை, ஆனால் நடுவே ஓய்வு. மூன்றாவது குழு பெரிய பயிற்சியை முதலில் செய்தது. முடிவில் பலத்தில் மூவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ப்ரீ-எக்சாஸ்ட் கெடுதல் செய்யவில்லை, ஆனால் வாக்குக் கொடுத்த கூடுதல் பலனையும் தரவில்லை.

என் நோட்டிலிருந்து மூன்று திங்கட்கிழமைகளைச் சொல்கிறேன். இது ஆய்வு இல்லை, ஒரே மனிதனின் கணக்கு. ஆனால் எங்கே என்ன மாறுகிறது என்பது இதில் கண்ணுக்குத் தெரியும்.

முதல் திங்கள் சாதாரணமாகச் செய்தது. 60 கிலோவில் மூன்று செட் பெஞ்ச், நடுவே இரண்டரை நிமிட ஓய்வு. வந்த ரெப்கள் 10, 9, 8. கடைசி ரெப்பில் ராட் பாதி உயரம்வரை ஒழுங்காகப் போய், முழங்கையை நீட்ட வேண்டிய இடத்தில் நின்றது. அங்கே நின்றால் பெரும்பாலும் ட்ரைசெப்ஸ் விட்டுப்போகிறது என்று அர்த்தம். நெஞ்சிலிருந்து கிளம்பும்போதே நின்றால் மார்பையும் முன்தோளையும் சந்தேகிக்கலாம்.

இரண்டாம் திங்கள் ப்ரீ-எக்சாஸ்ட். கைக்குப் பன்னிரண்டரை கிலோ டம்பெல், ஃப்ளையில் 12 ரெப், இனி ஒன்றுகூட முடியாது என்னும்வரை. எழுந்து பக்கத்துப் பெஞ்சுக்குப் போய் அதே 60 கிலோ. ஆறு ரெப்தான் வந்தது. அந்த ஆறாவதும் நெஞ்சிலிருந்து நான்கு விரல் உயரத்தில் திணறி, நண்பர் கை கொடுத்துத்தான் ஏறியது. அடுத்த செட்டில் 45 கிலோவாகக் குறைத்தபோது ஒன்பது வந்தது. நெஞ்சில் எரிச்சல் பலமாக இருந்தது. அன்று நல்ல வேலை நடந்ததாகவே தோன்றியது. ஆனால் நோட்டைப் பார்த்தால், நெஞ்சு சுமந்த வெயிட் குறைந்திருக்கிறது, ரெப்பும் குறைந்திருக்கிறது. எரிச்சலை வேலையென்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் தவறைப் பல வருடம் செய்தேன்.

மூன்றாம் திங்கள் பெஞ்சுக்குத் துணையாக முதுகுப் பயிற்சியை வைத்தேன். உட்கார்ந்து கேபிளை இழுக்கும் ரோயிங், 50 கிலோவில் 10 ரெப். முடியாமல் போகும்வரை இல்லை, இன்னும் இரண்டு மூன்று ரெப் கையில் இருக்கும்போதே நிறுத்தியது. ஒரு நிமிடம் ஓய்வு, பெஞ்ச். ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ரோயிங். பெஞ்சில் வந்தவை 10, 10, 9.

இங்கே நடப்பது வேறு. இரண்டு பேர் இழுக்கும் மரம் அறுக்கும் ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்தி விட்டுக்கொடுப்பார். தள்ளும் தசையும் இழுக்கும் தசையும் உடம்பில் அப்படித்தான் எதிரெதிரே நிற்கின்றன. மார்புக்கு எதிர் மேல்முதுகு, பைசெப்ஸுக்கு எதிர் ட்ரைசெப்ஸ், முன்தொடைக்கு எதிர் பின்தொடை. ஒன்று சுருங்கும்போது எதிர்ப்பக்கத் தசைக்கு அடங்கியிரு என்று தண்டுவடத்திலிருந்தே சொல்லப்படுகிறது. இதை ஆராய்ந்து விளக்கியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன். நரம்பணுக்களின் செயல்பாடு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஒரு பக்கத்துக்கு வேலை தரும் நேரம் மறுபக்கத்துக்கு ஓய்வாக அமைந்துவிடுவதுதான் எதிர்த்தசை சூப்பர்செட்டின் முதல் ஆதாயம்.

நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு செட் 40 நொடி என்று வையுங்கள். மூன்று செட் பெஞ்ச், மூன்று செட் ரோயிங், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டரை நிமிட ஓய்வு என்றால் மொத்தம் பதினாறரை நிமிடம். மாற்றி மாற்றி, ஒரு நிமிட ஓய்வோடு செய்தால் ஒன்பது நிமிடம். ஆனால் ஒரு பெஞ்ச் செட் முடிந்து அடுத்த பெஞ்ச் செட் தொடங்கும்வரை மார்புக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், ரோயிங்கின் 40 நொடி, இன்னொரு நிமிடம். அதாவது 2 நிமிடம் 40 நொடி. தனியாகச் செய்தபோது கிடைத்ததைவிடப் பத்து நொடி அதிகம். ஓய்வு குறையவில்லை, கடிகாரம்தான் குறைந்தது. வேலைக்குப் போகும் முன் நாற்பது நிமிடம் மட்டும் கிடைக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நேரத்துக்கு அப்பால் வேறு ஆதாயம் உண்டா? ஆஸ்திரேலியாவின் டேனியல் பேக்கரும் ராபர்ட் நியூட்டனும் 2005-ல் ரக்பி லீக் வீரர்கள் 24 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். 40 கிலோ ராடைப் படுத்தபடி மேலே வேகமாக எறிய வேண்டும். ஒரு குழு எறிந்து, ஓய்வெடுத்து, மறுபடி எறிந்தது. மற்றொரு குழு நடுவே முதுகை இழுக்கும் பயிற்சி ஒன்றைச் செய்தது. இழுத்துவிட்டு எறிந்தவர்களின் வேகத்திறன் ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூடியிருந்தது. வேகமாகத் தள்ளும்போது கடைசியில் எதிர்ப்பக்கத் தசை பிரேக் பிடிக்கும், மூட்டைக் காப்பாற்ற. முதலில் கொஞ்சம் உழைத்த எதிர்த்தசை அந்தப் பிரேக்கைச் சற்றுத் தாமதமாகப் பிடிக்கிறது என்பது ஒரு விளக்கம். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான்.

இந்த ஐந்து சதவீதத்தைக் கேள்விப்பட்டதும் சிலர் முதுகைப் பிழிந்து எடுத்துவிட்டுப் பெஞ்சுக்கு வருகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. 2003-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பின்தொடையை நன்றாகக் களைக்க வைத்துவிட்டு முன்தொடையின் பலத்தை அளந்தபோது, அது கூடவில்லை, குறைந்தது. எதிர்த்தசை வெறுமனே பிரேக் மட்டுமல்ல. மூட்டை நிலையாகப் பிடித்துவைப்பதும் அதுதான். பெஞ்சில் படுக்கும்போது தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒடுக்கி நிறுத்துவது முதுகுத் தசை. அது துவண்டுபோனால் அடித்தளம் ஆடும். ராட் இடம் வலமாக அலைவதையும், தோள்கள் காதை நோக்கி ஏறுவதையும் பக்கத்தில் நிற்பவர் பார்க்கலாம். அந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் முதுகுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். எதிர்த்தசைப் பயிற்சியில் இரண்டு மூன்று ரெப்பை மிச்சம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஜோடி சேர்ப்பதிலும் தவறு நடக்கும். குனிந்து நின்று ராடை இழுக்கும் ரோயிங்கைப் பெஞ்சோடு சேர்ப்பவர்கள் உண்டு. அதில் இடுப்பும் கீழ்முதுகும் களைத்து, மூச்சு வாங்கி, அந்த மூச்சோடு பெஞ்சில் படுக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து இழுப்பதும், சாய்வுப் பலகையில் நெஞ்சை ஊன்றி டம்பெல் இழுப்பதும் மேல். ஸ்குவாட்டையும் டெட்லிஃப்டையும் ஜோடி என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. முன்தொடையும் பின்தொடையும் எதிரெதிர் என்றாலும் அந்த இரண்டு பயிற்சிகளும் ஒரே இடுப்பையும் ஒரே கீழ்முதுகையும் கேட்கின்றன. கால்களுக்கு லெக் எக்ஸ்டென்ஷனும் லெக் கர்லும் ஒழுங்கான ஜோடி. கைக்குப் பைசெப்ஸ் கர்லும் கேபிள் புஷ்டவுனும். கை ஜோடிதான் எல்லாவற்றிலும் எளிது, புதியவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

இதயத்துடிப்பு இந்த முறையில் அதிகமாக ஏறும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓய்வு குறைவதால் தசை தாங்கினாலும் மூச்சு தாங்காது. முதல் வாரத்தில் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்கள் ஒரு நிமிட ஓய்வை ஒன்றரை நிமிடமாக்கிக்கொண்டு தொடங்கினால் போதும்.

அப்படியானால் ப்ரீ-எக்சாஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது எதைக் கொடுக்கும் என்று சொல்லப்பட்டதோ அதைக் கொடுக்கவில்லை, ஆனால் வேறொன்றைக் கொடுக்கிறது. என் இரண்டாம் திங்களை மறுபடி பாருங்கள். 45 கிலோவிலேயே செட்டின் எல்லைக்கு வந்துவிட்டேன். கனமான ராடைத் தாங்க முடியாத தோளோ, முழங்காலோ உள்ளவருக்கு இது உண்மையான பயன். மூட்டின்மேல் சுமையைக் குறைத்துக்கொண்டே தசையை அதன் எல்லைக்குக் கொண்டுபோகலாம். வீட்டில் பத்துக் கிலோ டம்பெல் இரண்டு மட்டும் வைத்திருப்பவருக்கும் இதே ஆதாயம். முதலில் ஃப்ளை, உடனே அதே டம்பெல்லில் பிரஸ். சாதாரணமாக முப்பது ரெப் வரும் இடத்தில் பதினைந்தில் கை நிற்கும்.

ஆனால் பெஞ்சில் ராட் வேண்டாம். மார்பு களைத்த நிலையில், பிடிக்க ஆள் இல்லாமல், 60 கிலோ ராடின் அடியில் படுத்திருப்பது ஆபத்து. அந்த ஆறாவது ரெப்பில் நண்பர் நிற்கவில்லையென்றால் ராட் என் நெஞ்சின்மேல்தான் இறங்கியிருக்கும். இயந்திரத்தில் செய்யுங்கள், அல்லது பக்கவாட்டில் போட்டுவிட முடிகிற டம்பெல்லில் செய்யுங்கள். காலுக்கும் அப்படியே. லெக் எக்ஸ்டென்ஷன் முடித்த காலோடு ராடைத் தோளில் சுமந்து ஸ்குவாட் போகாதீர்கள், லெக் பிரஸ்ஸுக்குப் போங்கள்.

மாலை ஆறு மணிக் கூட்டத்தில் ஃப்ளை முடித்து, பெஞ்ச் காலியாக நான்கு நிமிடம் காத்திருந்து செய்வதை ப்ரீ-எக்சாஸ்ட் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. அதற்குள் மார்பு பெரும்பாலும் தேறிவிடும். அந்தக் கூட்டத்தில் இரண்டு இடத்தைப் பிடித்துவைத்து எதிர்த்தசை ஜோடி செய்வதும் மற்றவர்களுக்குத் தொல்லை. ஒரே கேபிள் தூணில் கர்லும் புஷ்டவுனும் செய்வது, ஒரே பெஞ்சில் டம்பெல் பிரஸ்ஸும் நெஞ்சூன்றிய ரோயிங்கும் செய்வது இதற்கெல்லாம் வழி.

அந்த இளைஞனிடம் இப்போது நான் ஃப்ளையை முதலில் போடச் சொல்வதில்லை. எந்தப் பயிற்சியில் முன்னேற வேண்டுமோ அதை முதலில் செய் தம்பி, ஃப்ளையைப் பெஞ்சுக்குப் பிறகு வை என்கிறேன். பெஞ்சில் களைத்தது ட்ரைசெப்ஸ் என்றால், ஃப்ளைக்கு ட்ரைசெப்ஸ் அதிகம் தேவையில்லை. மிச்சமிருக்கும் மார்பின் பலத்தை அங்கே முழுதாகச் செலவழிக்கலாம். செட்டுகளுக்கு நடுவே ரோயிங்கை வை. மூன்று வாரம் இப்படிச் செய்து, பெஞ்சில் ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப் வந்தது, ராட் எந்த உயரத்தில் நின்றது என்று நோட்டில் எழுது. பிறகு நோட்டோடு வா, பேசுவோம்.